ஐஸ் பாரும் கரண்ட் பில்லும்

கடலூர் முதுநகர் துறைமுகத்துப் படகுகளுக்கு ஐஸ் பார் போடும் ஒரு சின்ன ஆலையை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. ஒரு பார் 90 ரூபாய்க்குப் போகிறது. தண்ணீர், உப்பு, ஏற்றுக்கூலி எல்லாம் சேர்ந்து பாருக்கு 15 ரூபாய். இது மாறும் செலவு. வாடகை, சம்பளம், கடன் தவணை மாதம் 1,40,000. ஒரு பார்கூட விற்காவிட்டாலும் கட்டவேண்டிய நிலைச் செலவு இது.

சிக்கல் கரண்ட் பில்லில்தான். 6,000 பார் போட்ட மாதம் பில் 2,40,000. அதைப் பாருக்கு 40 ரூபாய் என்று வகுத்து, முழுவதையும் மாறும் செலவில் போடுவதுதான் பலரும் செய்யும் தவறு. அப்படிப் பார்த்தால் ஒரு பாரில் 35 ரூபாய் நிற்கும். 1,40,000-ஐ 35-ஆல் வகுத்தால் 4,000. மாதம் 4,000 பார் விற்றால் கைக்கும் வாய்க்கும் சரியாகிவிடும் என்று தோன்றும்.

ஆனால் 3,000 பார் போட்ட மாதத்தின் பில் 1,20,000 இல்லை, 1,50,000. காரணம், அனுமதி வாங்கிய கிலோவாட்டுக்கான நிலைக் கட்டணம் ஓட்டம் குறைந்தாலும் வரும். பார் உறையும் உப்புநீர்த் தொட்டியையும் எப்போதும் குளிராகவே வைத்திருக்க வேண்டும். இப்படிப் பாதி நின்று பாதி நகர்வதுதான் அரைமாறும் செலவு.

இதைப் பிரிக்க இரண்டு பில்லே போதும். 3,000 பார் கூடியதற்குப் பில் 90,000 கூடியிருக்கிறது, ஆக பாருக்கு 30 ரூபாய். 6,000 பாருக்கு அது 1,80,000. பில்லில் மீதமுள்ள 60,000 அசையாதது. இப்போது ஒரு பாரில் 45 ரூபாய் நிற்கிறது, நிலைச் செலவு 2,00,000 ஆகிறது. லாபமும் நஷ்டமும் இல்லாத சமநிலைப் புள்ளி 4,445 பார். முன்பு நம்பிய 4,000-இல் நின்றால் மாதம் 20,000 ரூபாய் நஷ்டம். பாருக்கான கரண்ட் செலவு விற்பனை குறைந்த மாதத்தில் ஏறியிருந்தால் (இங்கே 40 ரூபாய் 50 ஆகியிருக்கிறது), பில்லுக்குள் நிலைச் செலவு ஒளிந்திருக்கிறது என்று பொருள்.

சரி, எந்த இரண்டு மாதத்தை எடுப்பது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது ஒரு கம்ப்ரஸரை நிறுத்திவிடுவார்கள். 1,000 பாருக்குப் பில் 70,000 வரலாம். ஆலை ஓடும் விதமே மாறிவிட்டதால், மற்ற மாதங்களோடு அதைச் சேர்த்து வகுக்கக் கூடாது. தனியாகத்தான் கணக்கிட வேண்டும். வரவு 90,000, செலவு 15,000, 70,000, 1,40,000. நஷ்டம் 1,35,000. இரண்டு மாதத்துக்கு 2,70,000. அதை மீதிப் பத்து மாதம் சுமந்தால் மாதம் 27,000 கூடுதல். 45-ஆல் வகுத்தால் 600 பார். அப்புறம் படகு ஓடும் மாதங்களில் எட்டவேண்டிய எண் 5,045 பார் ஆகிவிடுகிறது.