ஆவணப் பகுப்பாய்வு: சொல்லும் பொருளும்

அரசு அறிக்கை, நாளிதழ், பதிவேடு, கூட்டக் குறிப்பு போன்றவற்றையே தரவாக எடுத்துக்கொண்டு ஆராயும் முறைக்கு ‘ஆவணப் பகுப்பாய்வு’ என்று பெயர். ‘டாக்குமெண்ட் அனாலிசிஸ்’ என்பதற்கு நேரான தமிழ். இதில் ஆய்வாளர் யாரையும் பேட்டி காண்பதில்லை, வினாநிரலும் கொடுப்பதில்லை. வேறு யாரோ, வேறு ஏதோ தேவைக்கு எழுதிவைத்ததைப் படிக்கிறார். முறையின் பலமும் சிக்கலும் அந்த ‘வேறு தேவை’யில்தான் இருக்கின்றன. ‘ஆவண ஆய்வு’ என்று எழுதினாலும் தவறில்லை. ‘ஆவணப் பரிசோதனை’ என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. அது கையெழுத்தையும் மையையும் சோதிக்கும் தடயவியல் வேலை.

‘டாக்குமெண்ட்’ லத்தீனிலிருந்து வந்தது. ‘கற்பித்தல்’ என்ற பொருளுள்ள வினையிலிருந்து பிறந்து, முதலில் பாடம், சான்று என்ற பொருளில் வழங்கியது. எழுதிய தாள் என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது.

நம் ‘ஆவணம்’ பழைய சொல். பழந்தமிழில் அதற்குக் கடைவீதி என்றும் ஒரு பொருள் உண்டு; அதை இங்கே விட்டுவிடலாம். நமக்கு வேண்டியது உரிமைப் பத்திரம் என்ற பொருள். பெரியபுராணத்தில் சுந்தரரை அடிமை என்று வழக்காடும் முதியவரிடம் சபையார் ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்ற மூன்றில் ஒன்றைக் காட்டச் சொல்கிறார்கள். நடைமுறை வழக்கம், எழுத்துச் சான்று, சாட்சி என்று இன்றைய பேச்சில் சொல்லலாம். முதியவர் மூல ஓலையை எடுத்துக்கொடுக்கிறார். சுந்தரர் கிழித்துப்போட்டது படி ஓலைதானாம். சபையார் ஓலையைப் படித்துவிட்டு அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. சுந்தரரின் பாட்டனார் எழுதிய இன்னொரு ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டு எழுத்தும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்கிறார்கள். படியா மூலமா, எழுதியது யார், யார் காவலில் இருந்தது என்ற கேள்விகள் இன்றைக்கும் முறைநூல்களில் நிற்கின்றன.

‘பகுப்பாய்வு’ இக்காலத்துக் கலைச்சொல். ஆனால் அதற்குள் இருக்கும் ‘ஆய்தல்’ தொல்காப்பியத்திலேயே உள்ளது. உள்ளதன் நுணுக்கம், அதாவது இருப்பது மேலும் நுண்ணியதாவது என்று அங்கே பொருள் சொல்லப்படுகிறது. கீரை ஆய்கிறோமே, அதே ஆய்தல்தான்: இலையையும் தண்டையும் பிரித்து, அழுகலைத் தள்ளி, வேண்டியதை எடுத்துக்கொள்வது.

எதை வைத்துத் தள்ளுவது, எதை வைத்து எடுப்பது? சமூகவியலாளர் ஜான் ஸ்காட் 1990-ல் நான்கு அளவுகோல்களைச் சொன்னார். மெய்ம்மை, நம்பகம், பிரதிநிதித்துவம், பொருள். இவற்றில் முதல் இரண்டைத் தமிழில் பலரும் குழப்பிக்கொள்கிறோம். இரண்டுக்கும் ‘நம்பகத்தன்மை’ என்றே எழுதிவிடுகிறோம். மெய்ம்மை என்பது ஆவணம் அசலா என்ற கேள்வி. நம்பகம் என்பது அதில் எழுதியிருப்பது நடந்ததற்குப் பொருந்துகிறதா என்ற கேள்வி. முழுக்க அசலான ஆவணம் தவறான எண்ணைச் சொல்லலாம். அரசு அறிக்கைகளைப் படிப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியாவிட்டால் முத்திரையைப் பார்த்ததும் வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும்.

1943-ன் வங்கப் பஞ்சத்தை எடுத்துக்கொள்வோம். அதை விசாரித்த ஜான் உட்ஹெட் தலைமையிலான ஆணையம் 1945-ல் அறிக்கை தந்தது. பஞ்சத்தாலும் அதைத் தொடர்ந்து வந்த கொள்ளைநோய்களாலும் ஏறக்குறைய 15 லட்சம் பேர் இறந்தார்கள் என்றது. அறிக்கை அசல்தான், அதில் சந்தேகமே இல்லை. அப்புறம் கேட்க வேண்டியது, இந்த 15 லட்சம் எங்கிருந்து வந்தது?

அடியில் இருப்பது இறப்புப் பதிவேடு. 1943-ல் வங்கத்தில் பதிவான இறப்புகள் சுமார் 18.7 லட்சம். முந்தைய ஐந்தாண்டுச் சராசரி சுமார் 11.8 லட்சம். ஆக, அந்த ஆண்டில் கூடுதலாகப் பதிவானவை சுமார் 6.9 லட்சம். விடுபட்டவற்றுக்கு ஒரு மதிப்பீட்டையும் 1944-ன் முதல் பாதியையும் சேர்த்துத்தான் ஆணையம் தன் எண்ணுக்கு வந்தது. சரி, பதிவேட்டை எழுத வைத்தது யார்? கிராமத்துக் காவலாளியான சௌகிதார். அவர் சொன்ன இறப்புதான் மேலே போனது. பஞ்சத்தில் சில ஊர்களில் சௌகிதாரே இறந்துபோனார். சில ஊர்களில் பிழைப்புத் தேடி ஊரை விட்டே போய்விட்டார். சாவு மிகுந்த இடத்தில்தான் பதிவு மிகவும் மெலிந்திருக்கும் என்று ஆகிறது. பிழை எல்லா இடத்திலும் ஒரே அளவாகப் பரவியிருந்தால் ஒரு பெருக்கல் எண்ணால் சரிசெய்துவிடலாம். இங்கே பிழை, நாம் அளக்க வந்த பொருளோடு சேர்ந்தே கூடுகிறது. இறப்புக்கான காரணமும் அப்படித்தான். மருத்துவம் படிக்காதவர் சொன்ன ‘காய்ச்சல்’ என்ற சொல் நோயின் பெயராக அல்ல, எல்லாவற்றையும் போட்டுவைக்கும் தலைப்பாகவே படிக்கத் தக்கது. ஸ்காட்டின் நான்காவது அளவுகோலான ‘பொருள்’ இங்கேதான் வேலைக்கு வருகிறது.

சார்பு என்றதும் யாரோ வேண்டுமென்றே மறைத்ததாக நினைக்கிறோம். மேலே கண்ட குறையில் சௌகிதாரின் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அறிக்கை எழுதியவர்கள்கூடப் பதிவின் குறையை ஒப்புக்கொண்டே எழுதினார்கள். அரசின் சார்பு வேறு இடத்தில் தெரிகிறது. பஞ்ச விதித்தொகுப்பின்படி பஞ்சத்தை முறையாக அறிவித்தால் நிவாரணம் தருவது கடமையாகிவிடும். வங்கத்தில் அந்த அறிவிப்பு வரவே இல்லை. அந்த மாதங்களின் கோப்புகளில் ‘பஞ்சம்’ என்ற சொல்லை மட்டும் தேடுபவர் நிறையத் தவறவிடுவார். தேடுசொல்லை ஆவணத்தை எழுதியவரின் வாயிலிருந்து எடுக்க வேண்டும், நம் வாயிலிருந்து அல்ல.

நாளிதழ் பக்கம் வருவோம். கல்கத்தாவின் ‘தி ஸ்டேட்ஸ்மேன்’ ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகை. அதன் ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ், 1943 ஆகஸ்ட் 22 அன்று பட்டினியால் தெருவில் கிடந்தவர்களின் படங்களை வெளியிட்டார். போர்க்காலத் தணிக்கை செய்தியின் சொற்களைக் கட்டுப்படுத்தியது; படங்களை அது எண்ணிப்பார்க்கவில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் அவை அச்சேறின. ஆகவே அதே பத்திரிகையின் முந்தைய வாரங்களில் பஞ்சச் செய்தி குறைவாக இருப்பதை வைத்து நிலைமை மெல்ல மோசமானது என்று முடிவுகட்டினால் தவறாகிவிடும். அங்கே நாம் அளப்பது பசியை அல்ல, தணிக்கையை.

படங்களுக்கும் எல்லை உண்டு. அவை கல்கத்தாத் தெருக்களைக் காட்டின. நகரம் வரை நடந்துவர முடிந்தவர்கள் அவற்றில் இருக்கிறார்கள். சௌகிதாரின் ஏட்டில் இருப்பவர்களோ ஊரிலேயே இறந்தவர்கள். இரண்டுக்கும் நடுவே, வழியில் விழுந்தவர்கள் இரண்டு ஆவணத்திலும் சரியாக இல்லை. ஆணையத்தின் உறுப்பினராக இருந்த ஆய்க்ராய்ட் பிற்காலத்தில், 15 லட்சம் என்பது குறைவான கணக்கு, சாலையோரச் சாவுகளை அது போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை என்று எழுதினார். பின்வந்த ஆய்வாளர்களின் மதிப்பீடுகள் ஏறத்தாழ 21 லட்சத்திலிருந்து 38 லட்சம் வரை போகின்றன.