கையெழுத்துக்கு முன்: பில்டர் அக்ரிமென்ட்டில் நான் முதலில் தேடும் வரிகள்

ஃப்ளாட் வாங்குகிறவர்கள் அக்ரிமென்ட்டை என்னிடம் கொண்டுவரும்போது பெரும்பாலும் விலையும் சதுர அடியும் சரியாக இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். அவை அநேகமாகச் சரியாகவே இருக்கும். நான் முதலில் தேடுவது வேறு இரண்டு வரிகளை: நீங்கள் பணம் கட்டத் தாமதித்தால் என்ன, பில்டர் வீட்டை ஒப்படைக்கத் தாமதித்தால் என்ன? இரண்டும் பெரும்பாலும் ஒரே பக்கத்தில் இருக்காது. ஒன்று கட்டண அட்டவணைக்குக் கீழே, மற்றொன்று பத்துப் பக்கம் தள்ளி 'ஒப்படைப்பு' என்ற தலைப்பில் இருக்கும். இரண்டையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

ஒரு கணக்கு போடுவோம். 1,000 சதுர அடி ஃப்ளாட், விலை 60 லட்சம். 6 லட்ச ரூபாய்த் தவணையை நீங்கள் இரண்டு மாதம் தாமதித்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி, அதாவது 18,000 ரூபாய். பில்டர் தாமதித்தால் சதுர அடிக்கு மாதம் 5 ரூபாய், அதாவது 5,000. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குள் நீங்கள் 54 லட்சம் கட்டியிருப்பீர்கள். ஆண்டுக்கு 60,000 ரூபாய் என்றால் அந்தப் பணத்துக்கு 1.1 சதவீதம்தான். ஒரு பக்கம் சதவீதம், மறுபக்கம் சதுர அடி என்று அளவுகோல் மாறினால் உஷாராகிவிடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க முடியாதபடி எழுதியிருக்கிறார்கள்.

வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டப்படி இருவருக்கும் ஒரே வட்டி விகிதம்தான். சட்டப்பிரிவு 2(za) அதைச் சொல்கிறது. குர்கான் ஃப்ளாட் வழக்கு ஒன்றில் (பயனியர் அர்பன், 2019) வாங்குபவருக்கு 18 சதவீதம், பில்டருக்கு 9 சதவீதம் என்றிருந்ததை உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை. ஒருதலைப்பட்சமான ஒப்பந்தம் வாங்குபவரைக் கட்டுப்படுத்தாது என்றது. "அப்புறம் என்ன கவலை, கையெழுத்து போட்டுவிடலாமே" என்பார்கள். போடலாம். ஆனால் அந்த உரிமையை வழக்கு நடத்தித்தான் வாங்க வேண்டும். அந்தக் காலம் முழுக்க வாடகையும் இஎம்ஐயும் சேர்ந்தே ஓடும். தவிர, 500 சதுர மீட்டருக்கு மிகாத மனையிலோ, எட்டு வீடுகளுக்கு மேற்படாமலோ கட்டினால் ரெரா பதிவு கட்டாயமில்லை. நம் தெருக்களில் பழைய வீட்டை இடித்துக் கட்டும் சின்ன அடுக்குமாடிகளில் பல இப்படிப்பட்டவைதான்.

அடுத்து, தேதி. "36 மாதத்தில் ஒப்படைக்கப்படும்" என்றிருந்தால், எந்த நாளிலிருந்து 36 மாதம் என்று பாருங்கள். "அனைத்து அனுமதிகளும் கிடைத்த நாளிலிருந்து" என்றிருந்தால் அது தேதியே இல்லை. எந்த அனுமதி கடைசி என்பதை அவர்தான் முடிவு செய்வார். அதன்மேல் ஆறு மாத கூடுதல் அவகாசம், பிறகு 'தவிர்க்க முடியாத காரணங்கள்'. அந்தப் பட்டியலில் ஆள் பற்றாக்குறை, மணல் தட்டுப்பாடு, நிதி நெருக்கடி எல்லாம் நுழைந்திருக்கும். ரெராவின் 6-ஆம் பிரிவில் இருப்பதோ போர், வெள்ளம், வறட்சி, தீ, புயல், நிலநடுக்கம் போன்றவை மட்டும். காலண்டர் தேதி ஒன்றை எழுதித் தரச் சொல்லுங்கள். பதிவான திட்டமென்றால் rera.tn.gov.in தளத்தில் அவரே அறிவித்த முடிவுத் தேதி இருக்கும். அக்ரிமென்ட்டில் அதைவிடப் பிந்திய தேதி இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

ஒப்பந்தத்தை ரத்து செய்வது பற்றிய வரியையும் இதே கண்ணோடு படியுங்கள். பிடித்தம் எத்தனை சதவீதம் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள், மீதிப் பணம் எப்போது வரும் என்றும் பாருங்கள். "அந்த ஃப்ளாட் வேறொருவருக்கு விற்ற பிறகு" என்று இருந்தால் திரும்பக் கொடுக்கத் தேதியே இல்லை என்று அர்த்தம்.

வேலை ஒப்பந்தத்துக்கும் வாடகை ஒப்பந்தத்துக்கும் இதே சோதனை பொருந்தும். நீங்கள் விலக மூன்று மாத நோட்டீஸ், அவர்கள் விலக்க ஒரே நாள் என்றிருக்கும்.

மற்றவை சின்னவை, ஆனால் விட்டுவிடக் கூடாது. "இணைப்பு 3-ன்படி" என்றிருந்து இணைப்பு 3 கையில் இல்லையென்றால் கையெழுத்து வேண்டாம். நிரப்பாத கோடுகளை அடித்துவிடுங்கள். "அல்லது அதற்கு இணையான பிராண்ட்" என்ற இடத்தில் எது இணை என்று யார் சொல்வது என்று கேளுங்கள். ரெரா பதிவுள்ள திட்டத்தில், பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கேட்டால் அது 13-ஆம் பிரிவை மீறுவது, அங்கேயே நிறுத்துங்கள்.

மாற்றம் கேட்டால் "இது எல்லாருக்கும் ஒரே ஃபார்மெட், சார்" என்பார்கள். அச்சடித்ததைத் தொட வேண்டாம், துணை ஒப்பந்தமாகத் தனித்தாளில் எழுதித் தாருங்கள் என்று சொல்லுங்கள். அந்தத் தாளில், முதன்மை ஒப்பந்தத்தோடு முரண்பட்டால் இதுவே செல்லும் என்ற ஒரு வரி இருக்க வேண்டும். கோரிக்கையை எந்தப் பத்தி, என்ன மாற்றம் என்று மின்னஞ்சலில் அனுப்புங்கள். "பார்த்துக்கலாம் சார்" என்று போனில் மட்டும் பதில் வந்தால், அட்வான்ஸைக் கொடுக்காமல் இருப்பதுதான் அப்போது உங்கள் கையில் உள்ள ஒரே பிடி.