எட்டு பேர் பேசுறாங்க சரி, அதுல நாலு டீம் இருக்குன்னு ஆடியன்ஸுக்கு யார் சொல்றது?

காலேஜ் டிபேட் போட்டிகள்ல நடுவரா உக்காருறதும், மேடையில நின்னு ரவுண்டை அறிமுகப்படுத்துறதும் பல வருஷமா நான் செஞ்சிட்டு வர்ற வேலை. அந்த அறிமுகத்துல ஒரே ஒரு வரியை விட்டதால என்ன ஆச்சுன்னு முதல்ல சொல்றேன், ஏன்னா அதே தப்பை வேற மேடைகள்லயும் அடிக்கடி பாக்குறேன்.

அது ஒரு தமிழ் டிபேட் செமி ஃபைனல். பிரிட்டிஷ் பார்லிமென்டரி ஃபார்மட், நாங்க சுருக்கமா பிபின்னு சொல்லுவோம். ஹால்ல அம்மா அப்பாக்கள், ஃபர்ஸ்ட் இயர் பசங்கன்னு நல்ல கூட்டம். தலைப்பு "தமிழ்நாட்டில் முழு மதுவிலக்கை இந்த அவை கொண்டு வரும்". நான் மைக் பிடிச்சு, இந்தப் பக்கம் அரசுத் தரப்பு, அந்தப் பக்கம் எதிர்த் தரப்பு, மொத்தம் 8 பேர், ஆளுக்கு 7 நிமிஷம், நன்றின்னு சொல்லிட்டு உக்காந்துட்டேன். ஒரு மணி நேரம் அருமையா நடந்துச்சு. முடிவு சொல்லும்போது அரசுத் தரப்புல ரெண்டாவதா பேசுன அணியும், எதிர்த் தரப்புல முதல்ல பேசுன அணியும் ஃபைனலுக்கு போறாங்கன்னு தலைமை நடுவர் அறிவிச்சார். கைதட்டலே இல்ல. ஒரு அப்பா எழுந்து வந்து என்கிட்ட, "மேடம், என் பையன் பேசுன பக்கம்தானே ஜெயிச்சிருக்கு, அப்புறம் ஏன் அவன் வெளிய போறான்? அவங்களும் மதுவிலக்கு வேணும்னுதானே பேசுனாங்க?"ன்னு கேட்டார். அவர் கோவப்பட்டதுல ஒரு தப்பும் இல்ல. ஒரு மணி நேரமா அவர் பாத்துட்டு இருந்தது ரெண்டு அணி மோதுற போட்டி, உண்மையில நடந்தது நாலு அணி மோதுன போட்டி, அதை அவருக்கு சொல்ல வேண்டிய ஆள் நான்தான்.

பிபில ஒரு ரவுண்டுக்கு நாலு அணி, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பேர். ரெண்டு அணி தலைப்பை ஆதரிக்கும், ரெண்டு அணி எதிர்க்கும். ஆனா ஒரே பக்கத்துல இருக்குற ரெண்டு அணியும் கூட்டாளிங்க இல்ல, அவங்களும் ஒருத்தருக்கொருத்தர் போட்டிதான். பல்கலைக்கழகங்களுக்கான உலகப் போட்டி இந்த ஃபார்மட்லதான் நடக்குது, 2014ல அது நம்ம சென்னையிலயே நடந்துச்சு, அதனால டிபேட் பசங்களுக்கு இது தண்ணி பட்ட பாடு. ஆனா நம்ம ஆடியன்ஸ் பட்டிமன்றம் பாத்து வளந்தவங்க. பட்டிமன்றத்துல ரெண்டு அணி, நடுவுல ஒரு நடுவர், அவர் கடைசியில தலைப்புக்கு தீர்ப்பு சொல்லுவார். அந்த பழக்கத்தோடதான் நம்ம ஹாலுக்குள்ள வந்து உக்காருறாங்க. அதனால அறிமுகம் செய்யுறவரோட முதல் வேலை, இது பட்டிமன்றத்துல இருந்து எங்க மாறுதுன்னு காட்டுறதுதான்.

இப்ப நான் செய்யுற முறை இது. முதல்ல தலைப்பை மெதுவா ரெண்டு தடவை படிப்பேன். "இந்த அவை"ன்னா இந்த ஹால் இல்ல, முடிவெடுக்குற அதிகாரம் இருக்குற அரசாங்கம்னு வச்சுக்கோங்கன்னு ஒரு வரி. அப்புறம்தான் அணிகள். ஓப்பனிங் கவர்ன்மென்ட், க்ளோசிங் அப்போசிஷன்னெல்லாம் பசங்க அவங்களுக்குள்ள பேசிக்கட்டும், ஆடியன்ஸ்கிட்ட முதல் அரசு அணி, முதல் எதிர் அணி, ரெண்டாம் அரசு அணி, ரெண்டாம் எதிர் அணின்னுதான் சொல்லுவேன். ஒவ்வொரு அணி பேரை சொல்லும்போதும் அந்த ரெண்டு பேரையும் எழுந்து நிக்க சொல்லுவேன், கண்ணால பாத்தாதான் நாலுன்னு மனசுல பதியும். எல்லாரும் நின்னதுக்கப்புறம் அன்னிக்கு விட்டுப்போன அந்த வரியை சொல்லுவேன்: "ஒரே பக்கம் இருந்தாலும் இவங்க நாலு பேரும் ஒரு அணி இல்ல, பக்கத்து மேசையில இருக்குறவங்களையும் இவங்க முந்தணும், அதனால ஒரே பக்கத்துல ஒரு அணி ஜெயிச்சு இன்னொரு அணி தோக்கலாம்." இந்த வரிக்கு கூட்டத்துல ஒரு சலசலப்பு வரும், நான் அதுக்காக காத்திருப்பேன், சலசலப்பு வரலைன்னா புரியலைன்னு அர்த்தம், இன்னொரு தடவை சொல்லுவேன்.

இதோட நிறுத்துனா பத்தாது, ஒரே பக்கம் பேசுறவங்க எப்படி போட்டி போட முடியும்னு அடுத்த கேள்வி உடனே வரும். அதுக்கு அந்த செமி ஃபைனலே நல்ல உதாரணம். முதல் அரசு அணி மதுக்கடையை மூடுனா குடும்ப வன்முறை குறையும், வீட்டுக்கு சம்பளம் வரும்னு பேசுச்சு. நல்லாவே பேசுனாங்க. ரெண்டாம் அரசு அணி அதையே திரும்ப சொல்லியிருந்தா எவ்வளவு உருக்கமா சொன்னாலும் அவங்களுக்கு பெரிய பலன் இல்ல, ஏன்னா அந்த வாதம் ஏற்கனவே முதல் அணி கணக்குல போயிடுச்சு. அதுக்காக முதல் அணி சொன்னதை தப்புன்னும் சொல்ல முடியாது, அது தன் பக்கத்தையே கவுக்குறது. அன்னிக்கு அவங்க எடுத்த வழி, மது வருமானத்தை நம்பி இருக்குற அரசாங்கம் குடியை குறைக்கணும்னு ஒருநாளும் மனசார நினைக்காது, தடை வந்தாதான் அந்த முரண்பாடு போகும்னு. கூடவே, கள்ளச்சாராயம் பெருகும்னு எதிர்த் தரப்பு கேட்டதுக்கு முதல் அரசு அணி பதிலே சொல்லாம விட்டிருந்தாங்க, இவங்க அதை கையில எடுத்து பதில் சொன்னாங்க. நடுவர்கள் அவங்களை மேல வச்சதுக்கு காரணம் இந்த ரெண்டுதான். இதை அந்த அப்பாகிட்ட அப்புறமா உக்காந்து விளக்குனேன், அவருக்கு புரிஞ்சது, ஆனா ஒரு மணி நேரம் லேட். இப்பல்லாம் ஆரம்பத்துலயே ஆடியன்ஸ்கிட்ட சொல்லிடுறேன், ரெண்டாம் பாதியில வர்ற அணிங்க பேசும்போது "இதுல புதுசா என்ன இருக்கு"ன்னு மட்டும் கேட்டுட்டே இருங்கன்னு. கடைசியா பேசுறவர் மட்டும் விதிவிலக்கு, அவர் புது வாதம் கொண்டு வரக்கூடாது, பதில் சொல்ல அதுக்கப்புறம் ஆள் இல்லையே.

அடுத்தது, யார் எந்தப் பக்கம்ங்கிறது. அதே ரவுண்டுல முழு மதுவிலக்கு வேண்டாம்னு பேசுன ஒரு பொண்ணுகிட்ட, ரவுண்டு முடிஞ்சதும் வெளிய ஒரு பெரியவர் "பொம்பளப் புள்ளையா இருந்துட்டு சாராயத்துக்கு பரிஞ்சு பேசலாமாம்மா"ன்னு கேட்டுட்டார். அந்தப் பொண்ணு அழுதுட்டே வந்து, "மேம், வீட்ல எங்கப்பாவே குடிக்கிறவர்தான், நான் என்ன அந்தப் பக்கத்தை ஆசைப்பட்டா எடுத்தேன்?"ன்னு சொன்னது இன்னும் எனக்குள்ள இருக்கு. பக்கத்தை அவங்க தேர்ந்தெடுக்கல. எங்க போட்டியில குலுக்கல்லதான் முடிவாகும், தலைப்பே அவங்களுக்கு ரவுண்டுக்கு 15 நிமிஷம் முன்னாடிதான் தெரியும். இந்த ரெண்டு தகவலையும் சொல்லாம சாதி, மதம், மது, இட ஒதுக்கீடு மாதிரி தலைப்புல ஒரு ரவுண்டை ஆரம்பிக்கிறது மேடையில நிக்கிற பசங்களுக்கு நாம செய்யுற துரோகம்னே நான் நினைக்கிறேன். முக்கியமா, யாராவது வீடியோ எடுத்து அந்த 7 நிமிஷத்தை மட்டும் வெட்டி போட்டா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. அதனால இதை மைக்ல சொல்றதோட நிறுத்தாம, ரெக்கார்டிங் ஓடுதுன்னா அது ஆரம்பிச்சதுக்கப்புறம்தான் சொல்லுவேன்.

நடுவர்கள் அறிமுகத்துல நிறைய பேர் பயோடேட்டா வாசிப்பாங்க. ஒரு தடவை எங்க பேனல்ல ஒரு டாக்டர் இருந்தார், தொகுத்து வழங்குனவர் அவரை "பிரபல கல்லீரல் மருத்துவர்"னு அறிமுகப்படுத்திட்டார், தலைப்போ உடல்நலம் சம்பந்தப்பட்டது. அந்த வார்த்தை காதுல விழுந்ததும் எதிர் அணி பசங்க முகம் வாடிப்போச்சு, ஆடியன்ஸும் இவர் எந்தப் பக்கம் சாய்வார்னு முடிவே பண்ணிட்டாங்க. நடுவர் தன்னோட தொழில் அறிவை வச்சு தீர்ப்பு சொல்லக்கூடாது. பேப்பர் படிக்கிற, எந்தப் பக்கமும் சாயாத ஒரு சாதாரண வாக்காளர் அந்த நாற்காலியில உக்காந்து கேட்டா எதை ஏத்துப்பாரோ, அந்த இடத்துல இருந்துதான் கேக்கணும். அதனால நான் பேரை சொல்லி, எத்தனை வருஷமா டிபேட் நடுவரா இருக்காங்கன்னு மட்டும் சொல்லுவேன், யார் தலைமை நடுவர்னு காட்டுவேன். அப்புறம் அவங்க எப்படி முடிவெடுப்பாங்கன்னு சொல்லுவேன், இதுதான் ஆடியன்ஸுக்கு உண்மையிலேயே தேவை. ஆளாளுக்கு பேப்பர்ல மார்க் போட்டு கூட்டுவாங்கன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. செமி ஃபைனல்ல அப்படி இல்ல, அங்க மார்க்கே கிடையாது. நடுவர்கள் தனியா போய் உக்காந்து பேசி, முடிஞ்சவரைக்கும் ஒரே முடிவுக்கு வர பாப்பாங்க, முடியலைன்னா ஓட்டு. செமின்னா ரெண்டு அணி மேல போகும், அந்த ரெண்டும் ஒரே பக்கத்து அணியா கூட இருக்கலாம். ஃபைனல்னா ஒரே ஒரு வெற்றியாளர், மத்த மூணு அணிக்கும் ரேங்க் சொல்ல மாட்டாங்க. எது நடந்தாலும் மதுவிலக்கு சரியா தப்பான்னு இங்க தீர்ப்பு வராது, யார் நல்லா வாதாடுனாங்கன்னு மட்டும்தான் வரும்.

நேரத்தை பத்தி ரொம்ப பேச வேண்டாம், ஆனா மணியை அடிச்சே காட்டிடுங்க. முதல் நிமிஷம் முடிஞ்சா ஒரு மணி, 6 நிமிஷம் முடிஞ்சா ஒரு மணி, 7க்கு ரெண்டு மணி. அந்த முதல் மணிக்கும் 6வது நிமிஷ மணிக்கும் நடுவுலதான் எதிர்ப்பக்கத்து ஆட்கள் எழுந்து கேள்வி கேக்கலாம், அதுவும் 15 விநாடிக்குள்ள. பேசுறவர் கையை அசைச்சு உக்காருங்கன்னு சொல்லிடலாம். தெரியாதவங்க கண்ணுக்கு இது மரியாதை இல்லாத மாதிரி தெரியும், அதுவும் ஒரு ஜூனியர் பையன் சீனியர் அக்காவை பாத்து கையசைச்சு உக்கார வைக்கும்போது ஹால்ல "என்னடா இது"ன்னு ஒரு முணுமுணுப்பு வரும். அதனால ரெண்டு ஸ்பீக்கர்ஸை வச்சு அஞ்சு விநாடி நடிச்சே காட்ட வச்சிடுவேன், ஒருத்தர் எழுந்திரிக்கணும், இன்னொருத்தர் வேண்டாம்னு கையசைக்கணும், அவ்ளோதான். எல்லாரும் சிரிப்பாங்க, விஷயம் முடிஞ்சது. ஒரு கேள்வியும் எடுக்காமலே 7 நிமிஷத்தை ஓட்டுறவரை நடுவர்கள் கவனிப்பாங்கன்னும் சேத்து சொல்லிடுவேன்.

இவ்வளவும் நான் கடிகாரம் வச்சு பாத்தா நாலு நிமிஷத்துக்கு மேல போகாது. அதுக்கு மேல போனா தலைப்பை கையில வச்சுட்டு காத்திருக்குற முதல் ஸ்பீக்கருக்கு தொண்டை காய ஆரம்பிச்சிடும். அறிமுகம் வேலை செஞ்சுதான்னு எனக்கு தெரியுறது ரவுண்டோட நடுவுலதான், அஞ்சாவது ஆள் எழுந்திரிக்கும்போது. அதாவது ரெண்டாம் அரசு அணியோட முதல் ஸ்பீக்கர். அந்த நேரத்துல ஆடியன்ஸ்ல சிலர் திரும்பி, பேசி முடிச்ச முதல் அரசு அணியோட மேசையை பாத்தாங்கன்னா போதும், ரெண்டு அணியையும் ஒப்பிட ஆரம்பிச்சிட்டாங்கன்னு தெரிஞ்சுக்குவேன்.