அக்காவுக்கு 4, தம்பிக்கு 31

பெரம்பூரிலிருந்து ஓர் அம்மா தன் மகளையும் மகனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மகளுக்குப் பித்தப்பையில் கல், ஆபரேஷன் தேதி குறித்தாகிவிட்டது. முன்னதாக எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஏபிடிடி, அதாவது ஆய்வகக் குழாயில் ரத்தம் உறைய எடுக்கும் நேரம், 82 வினாடி. 35-க்குள் இருக்க வேண்டியது. சர்ஜன் பயந்துபோய் என்னிடம் அனுப்பிவிட்டார்.

இப்படி வந்தால் முதலில் புது ஊசி போட்டு மறுபடி ரத்தம் எடுப்போம். குழாயில் குறிவரை ரத்தம் நிரம்பாவிட்டாலோ, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து ஓடிய ஊசிவழியே எடுத்திருந்தாலோ எண் பொய்யாகக் கூடும். மறுபடியும் அதேதான். அவளுடைய பிளாஸ்மாவோடு நலமானவரின் பிளாஸ்மாவைச் சரிபாதி கலந்து பார்த்தபோது நேரம் சரியானது. அப்படியென்றால் ரத்தம் உறைய வைக்கும் புரதங்களான ஃபாக்டர்களில் ஏதோ ஒன்று குறைவு. தேடியதில் பதினொன்றாம் ஃபாக்டர் 4 சதவீதம்தான்.

"எப்போதாவது ரத்தம் நிற்காமல் போயிருக்கிறதா?" என்று கேட்டேன். கடைவாய்ப்பல் பிடுங்கியிருக்கிறாள், இரண்டு சுகப்பிரசவம், மாதவிடாய் நாலு நாள். எதிலும் தொல்லையில்லை. அப்போதுதான் அம்மா சொன்னார்: "இவளுக்கு ஒண்ணும் இல்லை சார். இவன்தான். ஒன்பது வயசுல டான்சில் எடுத்தப்போ ராத்திரியெல்லாம் ரத்தம் கக்கினான். போன வருஷம் பல் பிடுங்கி ரெண்டு நாள் தலையணை நனைஞ்சுது."

பல் பிடுங்கிய இடத்தில் அவனுக்கு ஏபிடிடி 37 என்று பார்த்து, கிட்டத்தட்ட நார்மல்தான் என்று விட்டிருந்தார்கள். நான் அளந்ததில் ஃபாக்டர் 31. அக்காவைவிட எட்டு மடங்கு அதிகம். ஆனால் ரத்தம் கொட்டுவது அவனுக்குத்தான்.

ஹீமோஃபிலியாவில் எட்டாம் ஃபாக்டர் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு ரத்தப்போக்கு கூடும். பதினொன்றில் அந்தக் கணக்கு செல்லுபடியாகாது. ஏபிடிடி சோதனை ஆய்வகக் குழாயில் நடப்பது. அங்கே உறைதலைத் தொடங்கி வைக்கும் வழியில் பதினொன்று தவிர்க்க முடியாத படி. உடம்பில் காயம் பட்டால் தொடக்கமே வேறு: திசுக்காரணியும் ஏழாம் ஃபாக்டரும் சேர்ந்து ஆரம்பிக்கும். பதினொன்று அப்புறம் வந்து உறைந்த ரத்தக்கட்டியைப் பலப்படுத்தும், அது சீக்கிரம் கரையாமல் காக்கும். அதனால்தான் இவர்களுக்கு வாய், தொண்டை, மூக்கு, சிறுநீர்ப்பாதை ஆகிய இடங்களில்தான் அதிகம் ஒழுகும். அங்கெல்லாம் உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் வேலை மும்முரமாக நடக்கும்.

ஏழாம் ஃபாக்டர் குறைந்தால் ஏபிடிடி சரியாக இருக்கும், பிடி என்ற இன்னோர் உறைதல் சோதனையின் நேரம் மட்டும் நீளும். அதிலும் எண்ணும் ரத்தப்போக்கும் பல சமயம் ஒத்துப்போவதில்லை.

தம்பியிடம் இன்னும் கொஞ்சம் துருவினேன். 31-லும் ஒழுகுகிறது என்றால் கூடவே வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்காமல் விடக்கூடாது. ரத்தம் உறைய உதவும் வான் வில்பிராண்ட் என்ற புரதத்தின் அளவும் தட்டணுக்களும் சரியாக இருந்தன. ஆனால் பல் வலிக்காக மூன்று நாள் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வலி மாத்திரை போட்டிருக்கிறான். அது ஒழுக்கைக் கூட்டியிருக்கும். ஆனாலும் ஒன்பது வயதில் மாத்திரை ஏதும் போடவில்லையே.

அக்காவுக்கு ஆபரேஷனுக்கு முன் பிளாஸ்மா ஏற்றச் சொல்லி சர்ஜன் வற்புறுத்தினார். கிலோவுக்கு 15 மில்லி என்றாலும் 60 கிலோவுக்கு 900 மில்லி. அலர்ஜி வரலாம், நுரையீரலில் நீர் கோக்கலாம். அதோடு, ஃபாக்டர் மிகக் குறைவாக உள்ள சிலருக்குப் பிளாஸ்மா ஏற்றியபின் அதற்கு எதிராகவே ஆன்டிபாடி உருவாகிவிடும். அப்புறம் நிஜமாகவே ரத்தம் போகும்போது பிளாஸ்மா பலிக்காது. பித்தப்பை வாய் மாதிரி அவ்வளவு கரைக்கும் இடமும் அல்ல. ஆகவே பிளட் பேங்கில் பிளாஸ்மாவைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், ஒழுகினால் ஏற்றலாம் என்றேன். மனமில்லாமல் ஒப்புக்கொண்டார். மூன்றாம் நாள் அவள் வீட்டுக்குப் போனாள், பிளாஸ்மா தேவைப்படவில்லை.

தம்பிக்கு அடுத்த பல்லை எடுத்தபோது டிரானெக்சாமிக் அமிலம் ஒரு கிராம் வீதம், இரண்டு மணி நேரம் முன்பே தொடங்கி, நாளைக்கு மூன்று வேளையாக ஏழு நாள் கொடுத்தோம். பல் டாக்டர் தையலும் போட்டார். தலையணை நனையவில்லை. கட்டி கரையாமல் தடுப்பதுதான் இந்த மாத்திரையின் வேலை. இதே மாத்திரையைச் சிறுநீரில் ரத்தம் வரும்போது தானாக வாங்கிப் போடக்கூடாது. கட்டி சிறுநீர்க் குழாயை அடைத்துவிடும்.

பெற்றோர் மாமன் மகள், அத்தை மகன். ஆளுக்கொரு கோளாறுள்ள மரபணு இருந்திருக்க வேண்டும்; அக்காவுக்கு இரண்டும் வந்துவிட்டன, தம்பிக்கு ஒன்று. அப்படியானால் அக்காவின் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒன்றாவது கட்டாயம் இருக்கும்.

போன மாதம் அவளுடைய பதினான்கு வயதுப் பெண் வந்தாள், ஃபாக்டர் 46. பல்லுக்குக் கிளிப் போட நாலு பல் எடுக்க வேண்டுமாம். அம்மாவைப் போலவா, மாமாவைப் போலவா என்று 46 சொல்லாது. முதலில் ஒரே ஒரு பல், மாத்திரையோடு, திங்கள்கிழமை காலையில் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.