கலர் டு ஆல்பா: சொல்லும் வேலையும்

கிம்ப் மென்பொருளில் Colors > Color to Alpha என்று ஒரு கட்டளை இருக்கிறது. படத்திலிருந்து ஒரு நிறத்தை மட்டும் எடுத்துவிட்டு, அது இருந்த அளவுக்கு அங்கே ஒளி புகும்படி செய்வது அதன் வேலை.

ஆல்பா கிரேக்க எழுத்து. 1970களின் பிற்பகுதியில், நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் எட் கேட்மல்லும் ஆல்வி ரே ஸ்மித்தும் கணினி வரைகலையில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒரு படத்தை இன்னொன்றின் மேல் கலக்கும் சூத்திரம் இது:

```
αA + (1−α)B
```

மேலே உள்ள படத்துக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் α-வின் பெயரையே, அந்த அளவைப் படத்தோடு சேர்த்துவைக்கும் தனி அடுக்குக்கும் வைத்தார்கள். ஆல்பா 1 என்றால் பின்னால் இருப்பது முழுக்க மறையும், 0 என்றால் முழுக்கத் தெரியும். ஆகவே ஆல்பா அளப்பது ஒளிபுகாமையை. அதை ‘வெளிப்படைத்தன்மை’ என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். தவிர, அந்தச் சொல் நிர்வாகத்துக்குப் போய்விட்டது. ஆல்பாவுக்கு ‘ஒளிபுகாமை’, இந்தக் கட்டளைக்கு ‘நிறத்தை ஒளிபுகவிடல்’ என்பதே என் தேர்வு. திரையில் தேடுவதற்காக ஆல்பா என்ற பெயரையும் கூடவே சொல்லிவிடலாம்.

மந்திரக்கோல் போன்ற தேர்வுக் கருவியால் வெள்ளையைத் தேர்ந்து அழித்தால் என்ன குறை? ஒரு லோகோவை எடுத்துக்கொள்வோம். வெள்ளைப் பின்னணியில் சிவப்பு வட்டம். அதைச் சுற்றி மெல்ல மெல்ல வெள்ளையில் கரையும் செந்நிற ஒளி. வட்டத்துக்குள் வெள்ளை எழுத்து, தள்ளிக் கீழே வெளிர்நீல அலை. தேர்ந்து அழித்தால் அந்த ஒளி ஏதோ ஓர் இடத்தில் வெட்டுப்படும். மிஞ்சும் இளஞ்சிவப்பு, கறுப்புப் பின்னணியில் அழுக்கு வளையமாகத் தெரியும்.

கலர் டு ஆல்பா வேறு கேள்வி கேட்கிறது: இந்தப் புள்ளியில் வெள்ளை எவ்வளவு கலந்திருக்க முடியும்? ஒளியின் நடுவில் (255, 127, 127) என்ற இளஞ்சிவப்பு இருக்கிறது. பச்சையிலும் நீலத்திலும் அது வெள்ளையைவிட 128 குறைவு, அதாவது 255-இல் சுமார் பாதி. எனவே ஆல்பா 0.5, நிறம் சுத்தச் சிவப்பு. வெளியே போகப் போக ஆல்பா குறையும், நிறம் சிவப்பாகவே இருக்கும். எந்தப் பின்னணியிலும் அந்த ஒளி இயல்பாகக் கரைவது இதனால்தான்.

அதே கணக்கு அலையைக் கெடுத்துவிடும். அதன் நிறம் (150, 200, 255). வெள்ளையிலிருந்து மிகப் பெரிய விலகல் சிவப்பில், 105. அப்போது ஆல்பா சுமார் 0.41. அலை திடமான நிறம் என்பது கிம்ப்புக்குத் தெரியாது. அடர்நீலத்தில் வெள்ளை கலந்ததாக எடுத்துக்கொண்டு பாதிக்குமேல் ஒளிபுக விட்டுவிடும். கீழே ஒரு கறுப்பு லேயர் வைத்துப் பார்த்தால் அலை மங்கி இருண்டிருப்பது உடனே தெரியும். கட்டம் போட்ட பின்னணியை மட்டும் நம்பினால் கண் ஏமாந்துபோகும்.

கிம்ப் 2.10 முதல் இதற்கு Opacity threshold என்ற அளவு இருக்கிறது. நீக்கும் நிறத்திலிருந்து எவ்வளவு விலகினால் புள்ளி முழுத் திடமாக நிற்கவேண்டும் என்று அது சொல்கிறது, இயல்பில் 1. அதை 0.41 ஆக்கினால் அலை சரியாகிவிடும். ஆனால் படம் முழுவதற்கும் அப்படிச் செய்தால் ஒளியின் உட்பகுதியும் திடமான இளஞ்சிவப்பாக உறைந்துவிடும். அதனால் இரண்டு தடவையாகச் செய்வதே நல்லது. முதலில் அலையைச் சுற்றியுள்ள வெள்ளையும் சேரும்படி தாராளமாக வளைத்துத் தேர்ந்து, 0.41 வைத்து ஓட்டுங்கள். அப்புறம் Select > Invert கொடுத்து, மீதிப் பகுதிக்கு 1 வைத்து ஓட்டுங்கள். தேர்வின் கோடு வெறும் வெள்ளையில் போகவேண்டும், ஒளியைத் தொடக்கூடாது.

வட்டத்துக்குள் இருந்த வெள்ளை எழுத்து இப்போது ஓட்டையாகியிருக்கும். அடியில் புதிய லேயர் ஒன்று சேர்த்து, வட்டத்தைவிடக் கொஞ்சம் சிறிய வெள்ளை வட்டம் நிரப்பினால் எழுத்து விளிம்போடு திரும்பிவிடும்.

நீக்கும் நிறத்தைக் கண்ணால் ஊகிக்கவேண்டாம், பிக்கரால் பின்னணியைத் தொட்டு எடுங்கள். பின்னணி #f8f8f8 ஆக இருந்து நீங்கள் வெள்ளையைக் கொடுத்தால், படம் முழுக்க மெல்லிய படலம் தங்கும். ஜேபெக்கிலிருந்து வந்த லோகோவில் பின்னணி எங்கும் ஒரே நிறமாக இருக்காது; Transparency threshold அளவை 0.02 போலச் சற்று உயர்த்தினால் அந்தத் தூசி போகும். கூட்டிக்கொண்டே போனால் ஒளியின் வெளி ஓரம் கரைந்துவிடும், கறுப்பு லேயரைப் பார்த்தபடியே நகர்த்துங்கள்.

கடைசியில் கறுப்பு லேயரை மறைத்துவிட்டு File > Export As மூலம் பிஎன்ஜி ஆகச் சேமியுங்கள். ஜேபெக்கில் ஆல்பாவுக்கே இடமில்லை. ஜிஃப்பில் ஒரு புள்ளி தெரியும் அல்லது தெரியாது, இடைநிலை கிடையாது.