பங்குதாரர் யார்? டீலர் மாநாட்டில் கேட்ட ஒரு சொல்

கோயம்புத்தூரில் ஒரு பம்புசெட் கம்பெனியின் ஆண்டு டீலர் மீட்டிங். தாராபுரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் மாமாவுக்குத் துணையாக நானும் போயிருந்தேன். நிர்வாக இயக்குநர் ஆங்கிலத்தில் பேசினார். பக்கத்தில் நின்ற ஒருவர் தாளைப் பார்த்துத் தமிழில் வாசித்தார். முதல் வரியே, “எங்கள் அன்பான அலைவரிசைப் பங்குதாரர்களுக்கு நன்றி.” மாமா என் பக்கம் சாய்ந்து, “ஏண்டா மாப்ள, பங்குதாரர்ங்கறாங்களே, லாபத்துல எத்தன பைசா தருவாங்க?” என்றார்.

அந்த ஒரு கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை. இதே சொல்லை சிமெண்ட், பெயிண்ட், டைல்ஸ் என்று எந்த அழைப்பிதழைத் திறந்தாலும் பார்க்கிறேன்.

மூலம் ‘சேனல் பார்ட்னர்’. சேனல் என்பது இலத்தீனில் குழாயையும் ஓடையையும் குறித்த ‘கனாலிஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் அடி, நாணலைக் குறித்த ‘கன்னா’. நம் வாய்க்காலும் கால்வாயும் அதே பொருள்தான். அலைவரிசை வானொலி, தொலைக்காட்சிக்கு உரியது. அகராதியில் ‘சேனல்’ என்று தேடி முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டினால் இப்படித்தான் ஆகும். இதற்குமேல் இதைப் பேச வேண்டாம். அபத்தம் தானாகவே தெரிகிறது. அபத்தமாகத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் ‘பங்குதாரர்’தான் எனக்குச் சிக்கல்.

பங்கு தமிழ், ‘தார்’ பாரசீக விகுதி. தாசில்தார், ஜமீன்தார் வரிசையில் வந்தது. அதனால் அதை ஒதுக்கச் சொல்லவில்லை. நூற்றாண்டுகளாக நம் வாயில் இருக்கும் விகுதி அது. பொருள்தான் தவறு. 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது: எல்லோரும் சேர்ந்தோ, எல்லோருக்காகவும் ஒருவரோ நடத்தும் தொழிலின் இலாபத்தைப் பகிர்ந்துகொள்ள ஒப்புக்கொண்டவர்களுக்கு இடையிலான உறவுதான் கூட்டாண்மை. மாமாவுக்கும் கம்பெனிக்கும் அப்படி எதுவும் இல்லை. அவர் சரக்கைக் காசு கொடுத்து வாங்குகிறார். வாங்கிய நிமிடத்தில் அது அவர் சொத்து. விற்றால் இலாபம் அவருக்கு, தூங்கினால் நஷ்டமும் அவருக்கு. அப்புறம் கம்பெனிப் பங்கு வாங்கி வைத்திருப்பவரையும் தமிழில் பங்குதாரர் என்றுதான் சொல்கிறோம். ஆண்டறிக்கையில் ஒரு பங்குதாரர், டீலர் மீட்டிங்கில் இன்னொரு பங்குதாரர் என்றால் படிக்கிறவன் யாரை என்று நினைப்பான்?

சிலர் ‘வணிகக் கூட்டாளி’ என்கிறார்கள். இலாபப் பங்கு விஷயத்தில் இதுவும் அதே பொய்தான். போதாததற்கு, செய்தித்தாளில் ‘கூட்டாளிகள் இருவர் கைது’ என்று படித்துப் பழகிய சொல். ‘பங்காளி’ என்று எழுதியவரையும் பார்த்திருக்கிறேன். கொங்குநாட்டில் பங்காளி என்றால் வரப்புத் தகராறு நினைவுக்கு வரும் என்பதை அவரிடம் யாராவது சொல்லியிருக்கலாம்.

அடுத்த போட்டியாளர் ‘முகவர்’. நல்ல தமிழ், அழகான சொல், ஆனால் இங்கே செல்லாது. முகவர் என்பவர் இன்னொருவருக்காக, அவர் சார்பில் காரியம் பார்ப்பவர். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 182ஆம் பிரிவும் அதைத்தான் சொல்கிறது. காப்பீட்டு முகவர் பாலிசியைத் தன் பெயரில் வாங்கி விற்பதில்லை. கம்பெனிக்காக ஆள் பிடித்துக் கமிஷன் வாங்குகிறார். மாமா அப்படியா? மோட்டார் பழுதானால் வாடிக்கையாளர் மாமா கடை வாசலில்தான் நிற்கிறார். கையில் இருப்பதும் மாமா கடை பில்தான். முகவர் என்று அச்சடித்துவிட்டு, ஒப்பந்தத்தில் மட்டும் ‘இவர் எங்கள் முகவர் அல்லர்’ என்று தனியே ஒரு வரி போட்டுக்கொள்ளும் கம்பெனிகள் இருக்கின்றன. சொல்லில் கொடுப்பார்கள், ஷரத்தில் பிடுங்குவார்கள்.

வேடிக்கை என்னவென்றால், உரையின் இரண்டாம் பாதி முதல் பாதியை மறுத்துவிடுகிறது. நன்றி சொல்லி முடித்ததும் அடுத்த ஆண்டுக்கான ‘ஊக்குவிப்புகள்’ வந்தன. அதாவது ஸ்கீம். அன்று சொன்னது ஏறத்தாழ இப்படி: ஆண்டுக் கொள்முதல் 50 இலட்சத்தைத் தொட்டால் மொத்தத்துக்கும் 1 சதவீதம், 75 இலட்சத்தைத் தொட்டால் மொத்தத்துக்கும் 1.5 சதவீதம். விற்றதற்கு அல்ல, வாங்கியதற்கு. மாமா மார்ச் கடைசியில் 72 இலட்சத்தில் நிற்கிறார் என்று வையுங்கள். அப்படியே விட்டால் 72,000 ரூபாய். இன்னும் 3 இலட்சத்துக்குச் சரக்கு எடுத்தால் 1,12,500. 40,500 ரூபாய்க்காக 3 இலட்ச ரூபாய் மோட்டாரைக் குடோனில் ஏற்றுவார். கோடை மழை முன்கூட்டியே பெய்துவிட்டால் போர் மோட்டார் நகராது, பணம் முடங்கிவிடும். கம்பெனிக்கோ அந்த 3 இலட்சம் மார்ச் விற்பனைக் கணக்கில் ஏறிவிட்டது.

இன்னொரு கூத்தும் உண்டு. ஸ்கீம் வந்துவிடும் என்று நம்பி, அந்த ஒன்றரை சதவீதத்தை முன்கூட்டியே விலையில் விட்டு விற்கும் கடைகள். வருடக் கடைசியில் டார்கெட் ஒரு இலட்சத்தில் தவறினால், விற்ற ஒவ்வொரு மோட்டாரிலும் அவர்களுக்குக் கைநஷ்டம். இலாபத்தைப் பகிர்கிறவர்களுக்கு நடுவில் இப்படி ஒரு கணக்கு வருமா? ‘பங்குதாரர்’ என்று கூப்பிட்டவர்களே பத்து நிமிடத்தில் வாடிக்கையாளருக்குரிய ஸ்லாபை எடுத்து நீட்டுகிறார்கள்.

‘ஊக்குவிப்பு’ பற்றியும் இரண்டு வார்த்தை. ‘இன்சென்டிவ்’ இலத்தீனில் பாட்டுக்குச் சுருதி எடுத்துக் கொடுப்பதிலிருந்து வந்த சொல். தமிழில் ஊக்கத்தொகை நன்றாகவே நிலைத்துவிட்டது. நெல்லுக்கும் கரும்புக்கும் அரசு கூடுதலாகத் தருவதை அப்படித்தான் அறிவிக்கிறது. தொகை என்று இருந்தால்தான் காசு என்று தெரியும். ‘ஊக்குவிப்பு’ என்றால் கைதட்டலும் அதில் அடக்கம். ஆனால் எல்லாவற்றையும் ஊக்கத்தொகை என்று அடித்துவிடவும் கூடாது. கிரெடிட் நோட்டாக விலையில் குறைவது தள்ளுபடி; புத்தகக் கடைக்காரர்கள் கழிவு என்பார்கள். தங்கக் காசும் பாங்காக் டூரும் ஊக்கப் பரிசு. இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த வருமானவரி விதிப்படி, ஆண்டில் 20,000 ரூபாயைத் தாண்டும் இத்தகைய பரிசுக்கு 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும். விற்பனைத் தள்ளுபடிக்கு அது வேண்டாம் என்று வரித்துறைச் சுற்றறிக்கை விலக்கு தந்தது. அன்று மேடையில் இரண்டையும் ‘ஊக்குவிப்பு’ என்றே வாசித்தார்கள். எதில் வரி பிடிப்பார்கள் என்று அந்த மண்டபத்தில் எத்தனை பேருக்குப் புரிந்திருக்கும்?

சரி, என்னதான் சொல்வது? ‘டீலர்’ என்ற சொல் எல்லோருக்கும் தெரியும். பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும். எழுத்தில் தமிழ் வேண்டுமென்றால் ஆளுக்கு ஆள் பிரித்துச் சொல்லலாம். மொத்தமாக எடுத்துக் கடைகளுக்குப் போடுபவர் விநியோகஸ்தர். வடமொழிதான், ஆனால் சினிமாவிலிருந்து சிலிண்டர் வரை புழங்குகிறது. தனித்தமிழ்தான் வேண்டும் என்பவர்கள் மின்வாரியத்தின் ‘பகிர்மானம்’ என்ற சொல்லிலிருந்து ‘பகிர்மானர்’ என்று எடுக்கலாம். எனக்கு அது வாயில் ஒட்டவில்லை. வாடிக்கையாளருக்கு நேரே விற்பவர் கடைக்காரர். இருவரையும் சேர்த்துச் சொல்ல வணிகர் போதும். சேனல் என்ற முழு அமைப்புக்கு ‘விற்பனை வழி’. உவமையாகச் சொல்ல ஆசை இருந்தால் வாய்க்காலே இருக்கிறதே: விநியோகஸ்தர் தலைமடை, கிராமத்துக் கடை கடைமடை. பெரிய ஸ்லாபைத் தலைமடையே குடித்துவிடுகிறது என்பதையும் அந்தச் சொல்லிலேயே சொல்லிவிடலாம்.

அன்றைய வரியை நான் எழுதியிருந்தால் இப்படி இருக்கும்: “எங்கள் சரக்கை வாங்கி ஊர் ஊராகக் கொண்டு சேர்க்கும் விநியோகஸ்தர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் நன்றி.” மாமாவிடம் காட்டினேன். “இதுல பங்கு எதுவும் இல்லையே” என்றார். “அங்கயும் இல்லையே மாமா” என்றேன்.