ஷின் ஸ்ப்ளின்ட்ஸ்: ஷூவை மாற்றினால் வலி போய்விடுமா?

அக்டோபர், நவம்பர் வந்தால் எங்கள் பிசியோதெரபி கிளினிக்கில் ஒரே மாதிரி வலியோடு வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். ஜனவரி மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருப்பார்கள். ஓட ஆரம்பித்து மூன்று, நான்கு வாரம் ஆகியிருக்கும். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, கால் எலும்பின் உட்புற விளிம்பில் கீழ்ப்பாதி முழுக்க ஒரு வலி. ஓட ஆரம்பிக்கும்போது இருக்கும், சூடேறியதும் குறையும், வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எழுந்தால் திரும்பவும் வரும். இதுதான் ஷின் ஸ்ப்ளின்ட்ஸ். எல்லோரும் கேட்கும் முதல் கேள்வியும் ஒன்றுதான்: "எந்த ஷூ வாங்கணும், சார்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு ஆளைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வயது முப்பத்து நான்கு, ஐடி வேலை, எடை 82 கிலோ. பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். முதல் வாரம் மொத்தம் 9 கிலோமீட்டர் ஓடியிருக்கிறார். அடுத்த வாரம் 12, அதற்கடுத்து 20, நான்காவது வாரம் 27. அந்த வாரம்தான் வலி வந்தது. ஷூ பழசு என்று நண்பர்கள் சொல்ல, கடைக்குப் போய் இருப்பதிலேயே தடிமனான சோல் உள்ள, மெத்தென்ற ஷூ ஒன்றை வாங்கினார். ரோடு கடினம், மணல் மிருது என்று மெரினா மணலுக்கு மாறினார். புது ஷூவோடு, புது மணலில், அந்த ஞாயிற்றுக்கிழமையே 8 கிலோமீட்டர். திங்கட்கிழமை மாடிப்படி இறங்கவே கஷ்டமாகிவிட்டது.

அவர் செய்தது எதுவும் முட்டாள்தனம் இல்லை. வலி வந்த எல்லோரும் மிருதுவைத்தான் தேடுவார்கள். ஆனால் அந்த எலும்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால், மிருது ஏன் அவ்வளவாக உதவவில்லை என்பது புரியும்.

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் கீழ்க்கால் எலும்பு மிக லேசாக வளைந்து நிமிர்கிறது. இந்த வேலைக்குப் பழகிக்கொள்ள எலும்பு தன்னைத்தானே புதுப்பிக்கும். முதலில் பழைய பகுதியைக் கொஞ்சம் அரித்து எடுக்கும், அப்புறம்தான் புதிதாகக் கட்டும். அரிப்பது சில வாரங்களில் நடந்துவிடும், கட்டி முடிக்க மாதங்கள் ஆகும். ஆக, ஓட ஆரம்பித்த மூன்றாம், நான்காம் வாரத்தில் அந்த எலும்பு முன்பைவிடச் சற்றுப் பலவீனமாகவே இருக்கலாம். நுரையீரலும் இதயமும் அதற்குள் நன்றாகப் பழகிவிடும். மூச்சு வாங்கவில்லை, அதனால் தூரத்தைக் கூட்டுகிறோம். 12 கிலோமீட்டரிலிருந்து 20-க்குத் தாவியது அப்படித்தான்.

எலும்பின் மேல் விழும் சுமையில் பெரும்பங்கு, பாதம் தரையில் மோதும் அந்த அதிர்ச்சியால் வருவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் உச்சச் சுமை வருவது அதற்குப் பிறகு, உடம்பு பாதத்தின் மேலாகக் கடந்து போகும் கட்டத்தில். அப்போது கெண்டைக்கால் தசை முழு பலத்தோடு இழுக்கிறது. எலும்பை அழுத்துவது முக்கியமாக அந்த இழுப்பு. ஷூவின் குஷன் மோதலைத் தணிக்கும், தசையின் இழுப்பை அது அதிகம் தொடாது. இன்னொன்று, அடியில் மிருதுவாக ஏதாவது இருந்தால் நம் கால் தானாகவே கொஞ்சம் விறைத்துக்கொள்ளும், கடினமாக இருந்தால் தளரும். மூளை இதை நம்மைக் கேட்காமலே செய்துவிடுகிறது. அதனால் சோல் இரண்டு மடங்கு தடித்தால் எலும்பின் சுமை பாதியாகும் என்கிற கணக்கு பலிக்காது.

இதற்காக, தேய்ந்து தகடாகிப்போன ஷூவில் ஓடலாம் என்று சொல்லவில்லை. லக்சம்பர்க்கில் எண்ணூற்றுச் சொச்சம் பேரை வைத்து நடந்த ஒரு சோதனையில், கடினமான சோல் அணிந்தவர்களுக்கு மிருதுவான சோல் அணிந்தவர்களைவிடக் காயங்கள் கொஞ்சம் அதிகமாகவே வந்தன. குஷனுக்கு வேலை உண்டு, ஓரளவுக்கு. புதிதாக ஓடுகிறவருக்கு நான் சொல்வது நடுத்தர குஷன். குதிகால் முன்பாதத்தைவிட 8 முதல் 10 மில்லிமீட்டர் உயரமாக இருக்கட்டும். அந்த உயரம் கெண்டைக்காலின் வேலையைக் குறைக்கும். தட்டையான சோல், 'வெறுங்கால்' ஷூ இவையெல்லாம் கெண்டைக்காலுக்கு வேலையைக் கூட்டுபவை, வலியோடு இருக்கும்போது அவற்றுக்கு மாற வேண்டாம். பந்தயத்துக்கென்று கார்பன் தகடு வைத்து வரும் ஷூக்களைப் பற்றிக் கேட்காதீர்கள், முதல் வருஷம் அவை உங்களுக்குத் தேவையே இல்லை.

கடையில் பாதத்தின் வளைவைப் பார்த்து, 'உங்களுக்குத் தட்டைப்பாதம், இந்த ஷூதான்' என்று விலை கூடிய ஜோடியைக் கையில் கொடுப்பார்கள். அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாதத்தின் வடிவம் பார்த்து ஷூ கொடுத்துச் சோதித்தார்கள். எல்லோருக்கும் ஒரே வகை ஷூ கொடுத்த குழுவைவிடக் காயம் குறையவில்லை. தட்டைப்பாதம் உள்ளவர்களுக்கு ஷின் ஸ்ப்ளின்ட்ஸ் வரும் வாய்ப்பு சற்று அதிகம் என்பது சரிதான், ஆனால் பாதத்தைப் பார்த்து மட்டும் ஷூவை முடிவு செய்துவிட முடியாது. மாலையில், பாதம் லேசாக வீங்கியிருக்கும் நேரத்தில், ஓடும்போது போடும் சாக்ஸோடு போய்ப் போட்டுப் பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், குதிகால் வழுக்கக் கூடாது. கடைக்குள்ளேயே கொஞ்சம் ஓடிப் பாருங்கள். அந்த நிமிஷமே சௌகரியமாக இல்லாத ஷூ பிறகு பழகிவிடும் என்று நம்பி வாங்காதீர்கள்.

சரி, மணலுக்கு வருவோம். காய்ந்த மணலில் பாதம் புதைகிறது, உந்தி எழ கெண்டைக்கால் இன்னும் கடினமாக வேலை செய்ய வேண்டும். தசை களைத்துப் போனால் எலும்பு வளைவதைத் தடுக்க ஆள் இல்லை. அதனால் இந்த வலிக்கு மணல் ஓய்வு இல்லை, கூடுதல் பாரம். அலை நனைத்த ஈர மணல் கெட்டியாக இருக்கிறதே என்று கேட்பார்கள். அது கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரே திசையில் நீண்ட தூரம் ஓடினால் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. மேல்பக்கம் உள்ள பாதம் உள்நோக்கிச் சரிந்துகொண்டே இருக்கும். மழைநீர் வடிவதற்காக ஓரம் சரிந்திருக்கும் தார் ரோட்டிலும் இதே கதைதான், ஒரு காலில் மட்டும் வலிக்கிறவர்களிடம் எந்த ஓரத்தில் ஓடுகிறீர்கள் என்று நான் கேட்பது இதற்காகத்தான். புதிதாக ஓடுகிறவருக்கு எனக்குப் பிடித்தது சமமான தார்ப் பாதை அல்லது கெட்டியான மண் பாதை. கான்கிரீட்டுக்கும் தாருக்கும் இடையே கால் உணரும் வித்தியாசம் நாம் பயப்படுகிற அளவுக்குப் பெரிதில்லை. மேடு பள்ளம் இல்லாமல், சரிவு இல்லாமல் இருப்பதே முக்கியம். டிராக்கில் ஓடினால் அவ்வப்போது திசையை மாற்றுங்கள்.

இப்போது நம் ஆளின் பழைய ஷூ. "இதுல நான் எழுபது கிலோமீட்டர்தான் ஓடியிருக்கேன் சார்" என்றார். ஓடிய கணக்கு சரி. ஆனால் அது இரண்டு வருஷம் ஆபீசுக்கும் போன ஷூ. ஒரு நாளைக்கு நான்கு கிலோமீட்டர் நடை என்று வைத்துக்கொண்டாலும், வருஷத்துக்கு ஆயிரம் கிலோமீட்டருக்குப் பக்கம். ஓட்ட ஷூவை 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் மாற்றுவது என்று ஒரு பொதுக் கணக்கு இருக்கிறது, எடை கூடியவர்கள் அதன் கீழ்ப்பக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். நடையும் அதில் சேரும். அதனால் ஓட்டத்துக்கென்று ஒரு ஜோடியைத் தனியாக வையுங்கள், அதைப் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போகாதீர்கள். பெட்ரோல் டாங்க் மாதிரி இது 800-ல் சட்டென்று தீர்ந்துவிடாது, சோலில் இருக்கும் நுரை சிறுகச் சிறுகத்தான் அடங்கும்.

அவர் ஷூவை மேஜையில் வைத்துப் பின்பக்கமிருந்து பார்த்தோம். இரண்டும் உட்பக்கமாகச் சாய்ந்து நின்றன. நடுச் சோலின் பக்கவாட்டில், குதிகாலுக்குக் கீழே, குறுக்கே ஆழமான சுருக்கங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகவில்லை, நுரை இறுகிவிட்டது. அடியில் கறுப்பு ரப்பர் தேய்ந்து வெள்ளை நுரை தெரிந்தது. இந்த நான்கில் ஒன்று தெளிவாகத் தெரிந்தாலே கிலோமீட்டரைப் பார்க்க வேண்டாம், மாற்றலாம். ஓடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் நுரை வருஷக்கணக்கில் இறுகும். நம் ஊர் வெயிலில் கார் டிக்கியில் கிடக்கும் ஷூவுக்கு இது சீக்கிரமே நடக்கும். தள்ளுபடியில் நான்கு ஜோடி வாங்கி அடுக்குகிறவர்கள் கவனிக்க.

புது ஜோடி வந்ததும் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். முதல் இரண்டு, மூன்று வாரம் குறைந்த தூரத்துக்குப் புதியதையும் மற்ற நாட்களுக்குப் பழையதையும் போட்டு மெல்ல மாறுங்கள். பழையது மேலே சொன்னபடி முற்றிலும் செத்துப்போயிருந்தால், புதியதிலேயே தூரத்தைக் குறைத்து ஓடுங்கள்.

அவருக்குப் பத்து நாள் ஓட்டத்தை நிறுத்தினோம். சைக்கிள் ஓட்டலாம் என்றேன். தினமும் கெண்டைக்கால் பயிற்சி: முழங்காலை நீட்டி ஒரு முறை, மடக்கி ஒரு முறை, குதிகாலை மெதுவாக உயர்த்தி இறக்குவது. அப்புறம் சமமான தார்ப் பாதையில், ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை, ஒருநாள் விட்டு ஒருநாள். நிமிஷத்துக்கு 158 அடி எடுத்துவைத்தவரை 168 வரைக்கும் கொண்டுவந்தோம். அடி சிறிதானால் ஒவ்வொரு அடியின் சுமையும் குறையும். பத்துக்கு இரண்டு அளவுக்கு வலி இருந்தால் தொடரலாம், மறுநாள் காலைக்குள் அது அடங்கிவிட வேண்டும், அடங்காவிட்டால் ஒரு படி பின்னால் போக வேண்டும், இவ்வளவுதான் விதி. அவர் வாங்கிய தடித்த ஷூவை மாற்றவில்லை, அதிலேயேதான் ஓடினார். எட்டாவது வாரம் 5 கிலோமீட்டர் நிற்காமல் ஓடினார். ஜனவரி பந்தயத்தை விட்டுவிட்டார்.

எல்லாக் கால்வலியும் ஷின் ஸ்ப்ளின்ட்ஸ் அல்ல. அவருக்கு எலும்பின் உள்விளிம்பை விரலால் அழுத்திக்கொண்டே போனபோது எட்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு வலித்தது. இந்த நோயில் வலி இப்படிப் பரவியிருக்கும், குறைந்தது ஐந்து சென்டிமீட்டராவது. மாறாக, ஒரு விரல் நுனியில் அடங்கும் ஒரே புள்ளியில் வலித்தாலோ, படுத்திருக்கும்போதும் இரவிலும் வலித்தாலோ, ஒற்றைக் காலில் ஒரு முறை குதிக்க முடியாமல் போனாலோ, எலும்பில் நுண்ணிய விரிசல் இருக்கலாம். மாதவிடாய் தவறிப்போன பெண்களுக்கு இந்தச் சந்தேகம் எனக்கு இன்னும் சீக்கிரம் வரும். சாப்பிடுவது ஓடுவதற்குப் போதவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். இப்படி வருகிறவர்களில் பலர் கையில் ஒரு எக்ஸ்ரேயோடு வந்து, "நார்மல்னு சொல்லிட்டாங்க" என்பார்கள். விரிசல் முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில் தெரியும். எலும்பு மருத்துவரிடம் காட்டி அது முடிவாகும்வரை ஓட வேண்டாம், எந்த ஷூவிலும்.